'ஒன், டூ, த்ரீ' சொன்னதும் முகம் ஏன் இறுகுகிறது?

வரன் பார்க்கத் தொடங்கிய வீட்டில் ஜாதகம் தயாராக இருக்கும், பயோடேட்டாவும் தயாராக இருக்கும். நல்ல போட்டோ ஒன்றுதான் இருக்காது. பெண்ணைப் பட்டுப்புடவையில் ஸ்டூடியோவுக்குக் கூட்டிப்போவார்கள். வழியெல்லாம் தங்கையோடு பேசிச் சிரித்துக்கொண்டு வந்தவள், விளக்குகளுக்கு நடுவே ஸ்டூலில் உட்கார்ந்ததும் வேறு ஆளாகிவிடுவாள். தோள் இரண்டும் மேலே ஏறும். மூச்சு நெஞ்சிலேயே நிற்கும். "சிரிம்மா, நல்லா சிரி" என்று அம்மா சொல்லச் சொல்ல உதடு மட்டும் விரியும், கண் விரியாது. படத்தைப் பார்த்துவிட்டு, "என் மூஞ்சி போட்டோவுக்கு ஒத்துவராதும்மா" என்பாள்.

அவள் முகத்தில் ஒரு குறையும் இல்லை. ஓடிக்கொண்டே இருக்க வேண்டிய ஒன்றை அசையாமல் பிடித்து வைக்கச் சொன்னதுதான் கோளாறு.

இயல்பாக வரும் சிரிப்பு பெரும்பாலும் அரை வினாடியிலிருந்து நான்கு வினாடிக்குள் தோன்றி மறைந்துவிடும். போட்டோகிராபர் ஃபோகஸ் பார்த்து, விளக்கைத் திருப்பி, 'ஒன், டூ, த்ரீ' சொல்லி முடிப்பதற்குள் பத்து வினாடி ஓடிவிடுகிறது. அதுவரை முகத்தில் நிற்பது சிரிப்பின் மிச்சம்தான். டுஷேன் என்ற பிரெஞ்சு மருத்துவர் முகத்தின் தசைகளில் மின்சாரம் செலுத்தி ஆராய்ந்து 1862-இல் ஒரு நூல் வெளியிட்டார். வாயோரத்தை மேலே இழுக்கும் தசை நாம் சொன்னபடி கேட்கும். கண்ணைச் சுற்றியிருக்கும் தசையோ மனதில் மகிழ்ச்சி வந்தால்தான் சேர்ந்து சுருங்கும் என்றார். அதை நினைத்த மாத்திரத்தில் சுருக்கக்கூடியவர்களும் இருக்கிறார்கள் என்று பின்னாளில் தெரியவந்தது. ஆனால் பயந்து உட்கார்ந்திருக்கும்போது அது பலருக்கும் வராது. ஆகவே படம் சரியாக வந்ததா என்று பார்க்க வாயைப் பார்க்க வேண்டாம், கீழ் இமையைப் பாருங்கள். உண்மையான சிரிப்பில் அது லேசாக மேலே ஏறியிருக்கும். பிடித்துவைத்த சிரிப்பில் கண் அகலத் திறந்திருக்கும், கழுத்து நரம்பு புடைத்திருக்கும்.

இதற்குத் துணையாக இன்னொரு சங்கதி. ஒரே ஆளின் வீடியோவையும், அதே வீடியோவிலிருந்து பிரித்தெடுத்த தனித்தனிப் படங்களையும் பலரிடம் காட்டி மதிப்பிடச் சொன்ன ஆராய்ச்சி ஒன்று 2012-இல் வெளியானது. வீடியோவில்தான் முகம் அழகாக இருப்பதாக மதிப்பெண் விழுந்தது. பேசும் முகத்திலிருந்து ஒரு கணத்தை மட்டும் வெட்டி எடுத்தால் அது பாதி இமைப்பாகவோ பாதிச் சொல்லாகவோ இருக்க வாய்ப்பு அதிகம். நூறு படத்தில் தொண்ணூறு சரியில்லாமல் போவது யாருக்கும் நடப்பதுதான்.

கண்ணாடிக்கும் இதில் பங்கு உண்டு. தினமும் நாம் கண்ணாடியில் பார்ப்பது இடம் வலம் மாறிய முகத்தை. வகிடு, மச்சம், சற்றே ஏறிய புருவம் எல்லாம் படத்தில் எதிர்ப்பக்கம் போய்விடுகின்றன. 1977-இல் வெளியான ஓர் ஆய்வில் மாணவிகளின் படத்தை நேராக ஒன்றும் திருப்பி ஒன்றும் அச்சிட்டுக் காட்டினார்கள். தோழிகள் பெரும்பாலும் நேர்ப் படத்தை விரும்பினார்கள். படத்தில் இருந்தவர்களோ கண்ணாடி வடிவத்தையே விரும்பினார்கள். பழகிய வடிவம் பிடித்துப்போகிறது, அவ்வளவுதான். உங்களுக்குப் பிடிக்காத படம் ஒன்றைப் போனின் எடிட்டில் இடவலமாகத் திருப்பிப் பாருங்கள். பாதி வெறுப்பு அங்கேயே கழிந்துவிடும்.

தூரமும் முக்கியம். கைநீட்டி எடுக்கும் செல்ஃபியில் லென்ஸுக்கு மிக அருகில் இருப்பது மூக்கு. பன்னிரண்டு அங்குலத் தூரத்தில் எடுத்தால், ஐந்தடியில் எடுத்ததைவிட மூக்கு சுமார் 30 சதவீதம் அகலமாகத் தெரியும் என்று 2018-இல் அமெரிக்க மருத்துவர்கள் கணக்கிட்டுச் சொன்னார்கள். இப்படிப்பட்ட படங்களைப் பார்த்துப் பார்த்தே தன் முகத்தின்மேல் வருத்தப்பட்டவர்கள்தான் கேமரா என்றதும் ஒதுங்குகிறார்கள்.

இப்போது அந்தப் பெண்ணை மறுபடி உட்கார வைப்போம். முதல் வேலை, அறையைக் காலி செய்வது. அம்மா, அத்தை, பெரியம்மா எல்லோரும் வெளியே பெஞ்சில் இருக்கட்டும். தன்னை எடைபோடும் கண்கள் எத்தனை இருக்கின்றனவோ அத்தனை தூரம் உடம்பு விறைக்கும். தங்கை மட்டும் உள்ளே வந்து, லென்ஸை ஒட்டி அதே உயரத்தில் நின்று பேச்சுக் கொடுக்கட்டும். கேமரா ஐந்தாறு அடி தள்ளி, அவள் கண்மட்டத்தில் இருக்க வேண்டும். போனில் எடுப்பதானால் பின்பக்கக் கேமராவை இரண்டு மடங்கு ஜூமில் வைத்தால் போதும். அன்றைக்குத்தான் தைத்து வந்த, இறுக்கிப் பிடிக்கும் ரவிக்கை வேண்டாம். ஏற்கெனவே போட்டுப் பழகியதே நல்லது.

"முதல் இருபது படம் லைட் பார்க்கத்தான், அதை யாருக்கும் அனுப்பமாட்டோம்" என்று போட்டோகிராபர் சொல்லிவிட வேண்டும். சொன்னபடி அவற்றை அழித்தும்விட வேண்டும். அந்த இருபதில் உடம்பு மெல்லத் தளரும். ஒவ்வொரு க்ளிக்குக்கும் திரையைத் திருப்பிக் காட்டுவதுதான் பெரிய தவறு. காட்டினால் அவள் மறுபடி தன்னைத் தானே எடைபோடத் தொடங்கிவிடுவாள்.

பிறகு மூச்சு. கண்ணை மூடி, மூக்கால் இழுத்து, வாயால் மெதுவாக முழுக்க விடச் சொல்ல வேண்டும். மூச்சு வெளியேறும்போது தோள் தானாக இறங்கும். "தோளை இறக்குங்க" என்று வாயால் சொன்னால் அது இன்னும் விறைக்கும். மூச்சு முடியும் இடத்தில் கண்ணைத் திறந்து தங்கையைப் பார்க்கச் சொல்லி, அந்த நொடியில் நாலைந்து படங்களைத் தொடர்ச்சியாக எடுக்க வேண்டும். எண்ணிக்கை சொல்லவே கூடாது. எண்ண ஆரம்பித்தால் மூச்சைப் பிடித்துவிடுவார்கள்.

கைக்கு வேலை கொடுங்கள். வளையலைத் திருப்புவது, தலைப்பைத் தோளில் எடுத்துவிடுவது என்று எதையாவது செய்துகொண்டிருக்கையில் எடுத்தால் விரல்கள் இறுகியிருக்காது. தாடைக்கு ஒரு சின்ன வித்தை: முகத்தை ஓர் அங்குலம் கேமராவை நோக்கி நீட்டி, மோவாயைச் சற்றுத் தாழ்த்த வேண்டும். செய்பவருக்கு ஆமைபோலத் தோன்றும். படத்தில் கழுத்தும் தாடையும் தெளிவாகப் பிரிந்து தெரியும். சிரிப்பு வேண்டுமென்றால் தங்கை வேடிக்கையாக எதையாவது சொல்லட்டும். சிரிப்பு உச்சத்தில் இருக்கும்போது எடுக்காமல், அது அடங்கி வரும் கணத்துக்குக் காத்திருங்கள். வாய் மூடத் தொடங்கும், கண்ணில் மட்டும் சிரிப்பு தங்கியிருக்கும். நான் பார்த்தவரையில் நல்ல படங்கள் பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கின்றன.

இந்த வழிகளுக்கு எல்லை உண்டு. கேமராவுக்குப் பயந்து கல்யாணம் காட்சிக்கே போகாமல் இருப்பவர், தன் முகத்தில் பிறர் கண்ணுக்குப் படாத குறை ஒன்றை நாள் முழுவதும் தேடுபவர், இவர்களுக்கு மூச்சுப் பயிற்சி போதாது. மனநல மருத்துவரைப் பார்த்தால் நல்ல சிகிச்சை இருக்கிறது.

கடைசியில் படத்தைத் தேர்ந்தெடுக்கும் வேலை. அதை அந்தப் பெண்ணிடம் மட்டும் விடாதீர்கள். அவள் கண்ணாடி முகத்தைத் தேடுவாள். தங்கையோ தோழியோ ஐந்தைப் பொறுக்கட்டும், அதில் ஒன்றை அவள் எடுத்துக்கொள்ளட்டும். எடுத்த அன்றே செய்யாமல் இரண்டு நாள் கழித்துச் செய்தால், ஸ்டூலில் உட்கார்ந்திருந்த சங்கடம் மறந்து, படத்தைப் படமாகப் பார்க்க அவளுக்கும் முடியும்.