20 பவுண்டிலிருந்து 250 பவுண்டுக்கு

1910ஆம் ஆண்டு, திருக்கோவிலூரில் டெபுடி கலெக்டராக இருந்த வி. ராமசுவாமி ஐயரைத் தேடி 22 வயது இளைஞர் ஒருவர் வந்தார். அவர் கேட்டது ஒரு குமாஸ்தா வேலை. தாலுகா அலுவலகத்தில் ஒரு மூலை கிடைத்தாலும் போதும். எப்.ஏ. தேர்வில் தோற்றவர், அதுவும் ஒரு முறை அல்ல. அதற்கு முன்பே கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகையை இழந்திருந்தார். வீட்டில் மணமும் முடித்து வைத்துவிட்டார்கள். கையில் இருந்தது நோட்டுப் புத்தகம்தான்.

ராமசுவாமி ஐயர் கணிதப் பித்துக் கொண்டவர்; 1907இல் இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவர். நோட்டைப் புரட்டிப் பார்த்தார், வேலை கொடுக்கவில்லை. வருவாய்த் துறையின் கடைசிப் படியில் உட்காரவைத்து இப்படிப்பட்ட மூளையை நசுக்க மனம் வரவில்லை என்று பிற்பாடு சொன்னார். அதற்குப் பதிலாக, சென்னையில் கணிதப் பேராசிரியராக இருந்த பி.வி. சேஷு ஐயருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து அனுப்பினார்.

வந்தவர் ஸ்ரீனிவாச ராமானுஜன். அவருடைய மேதைமையைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். அதிகம் பேசப்படாதது, அந்தக் கடிதம் கை மாறிப் போன வழி. அரிய திறமை இருந்தும் ஒரு காசு சம்பாதிக்க முடியாத ஒருவர், நான்கே ஆண்டுகளில் கேம்பிரிட்ஜுக்குக் கப்பலேறியது அந்த வழியில்தான்.

சேஷு ஐயர் கும்பகோணத்தில் ராமானுஜனுக்குப் பாடம் நடத்தியவர், ஆனால் நெருக்கம் என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. அவர் நெல்லூர் கலெக்டர் ஆர். ராமச்சந்திர ராவைக் காட்டிவிட்டார். ராவிடம் பேச்சை எடுத்தவர் அவருடைய மருமகன். அந்த இளைஞருக்குக் கணிதம் துளியும் தெரியாது என்று ராவே குறித்திருக்கிறார். “ஒருத்தர் வந்திருக்கிறார், கணக்கைப் பற்றி என்னவோ பேசுகிறார், எனக்குப் புரியவில்லை, நீங்கள் பாருங்கள்” என்ற அளவில்தான் அந்தச் சிபாரிசு இருந்தது. அது போதுமானதாக இருந்தது.

இந்த வினோதத்துக்கு அறுபது ஆண்டுகள் கழித்து அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் விளக்கம் தந்தார். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் நியூட்டன் நகரில், புதிதாக வேலை மாறிய மேல்நிலை ஊழியர்களிடம் அவர் விசாரித்தார். பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு யாரோ தெரிந்தவர் மூலமாகத்தான் வேலை கிடைத்திருந்தது. எவ்வளவு தெரிந்தவர் என்று கேட்டபோதுதான் ஆச்சரியம். அடிக்கடி சந்திக்கும் ஒருவர் மூலம் வேலை பெற்றவர்கள் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. மற்றவர்களுக்குத் துப்புக் கொடுத்தவர்கள் எப்போதாவது எதிர்ப்படும் பழைய சகா, ஆண்டுக்கு ஒரு முறைகூடப் பார்க்காத அறிமுகம் போன்றவர்கள். காரணம் எளிது. நெருங்கிய நண்பர்கள் நம்மோடே திரிபவர்கள். நமக்குத் தெரிந்ததுதான் அவர்களுக்கும் தெரியும். வேறு வட்டத்துச் செய்தி தூரத்து அறிமுகத்திடம்தான் இருக்கும். ராமானுஜனின் கும்பகோணத்து உறவினர்களுக்கு அவர் மீது அன்பு இருந்திருக்கும். நெல்லூர் கலெக்டரின் வாசல் தெரிந்திருக்காது.

வாசல் திறந்தால் மட்டும் போதாது. ராமச்சந்திர ராவ் முதல் பார்வையில் அசந்துவிடவில்லை. முகம் மழிக்காத, அழுக்கு உடையோடு வந்த அந்த ஆள் அசலா போலியா என்றே அவருக்குத் தெரியவில்லை. அடுத்தடுத்த சந்திப்புகளில் ராமானுஜன் வைத்த வரிசைதான் காரியத்தைச் சாதித்தது. முதலில் எளிய முடிவுகளைக் காட்டினார். பாடப் புத்தகங்களில் இல்லாதவை, ஆனால் ராவ் போன்ற பட்டதாரிக்குப் பிடிபடக்கூடியவை. அவை புரிந்த பிறகே நீள்வட்டத் தொகையீடுகள், மீப்பெருக்குத் தொடர்கள் என்று மேலே ஏற்றினார். என்ன வேண்டும் என்று ராவ் கேட்டதற்கு, ஆராய்ச்சியைத் தொடரும்படி வயிற்றுப்பாட்டுக்கு ஏதாவது வேண்டும் என்றார். மாதம் 25 ரூபாய் ராவின் சொந்தப் பணத்திலிருந்து வரத் தொடங்கியது.

இன்னொருவர் தயவில் காலம் தள்ளுவது ராமானுஜனுக்கு உறுத்தியது. 1912 பிப்ரவரியில் சென்னைத் துறைமுகத்தின் போர்ட் டிரஸ்டில் குமாஸ்தா வேலைக்கு விண்ணப்பித்தார், மார்ச்சில் சேர்ந்தார். சம்பளம் அற்பம்தான். ஆனால் தலைமைக் கணக்கர் எஸ். நாராயண ஐயரும் கணிதக் கழகத்துக்காரர். குரு என்று சொல்லத்தக்கவர் இந்தக் கதையில் ஒருவர் உண்டென்றால் அது இவர்தான். மாலை வேளைகளில் இருவரும் சிலேட்டுப் பலகையோடு உட்காருவார்கள். ராமானுஜன் ஓர் அடியிலிருந்து அடுத்த அடிக்குத் தாவிவிடுவார். நடுவில் என்ன நடந்தது என்பது தெரியாது. எனக்கே புரியவில்லையென்றால் வேறு யாருக்குப் புரியும், இடையில் உள்ள படிகளை எழுது என்று நாராயண ஐயர் வற்புறுத்துவார். பெங்களூரில் கழகத்தின் இதழைக் கவனித்த எம்.டி. நாராயண ஐயங்காரும் இதே காரணத்துக்காகத்தான் ராமானுஜனின் முதல் கட்டுரையைத் திரும்பத் திரும்பத் திருத்தச் சொன்னார். பெர்னூலி எண்களைப் பற்றிய அந்தக் கட்டுரை 1911இல் வெளிவந்தது. பட்டம் இல்லாதவருக்கு அச்சில் வந்த ஒரு கட்டுரை பட்டத்துக்கு ஈடாக நின்றது.

வழி நெடுகப் பூ விரித்திருக்கவில்லை. துறைமுகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் வழியாகவும், பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் கிரிஃபித் வழியாகவும் விஷயம் லண்டனில் எம்.ஜே.எம். ஹில் என்ற பேராசிரியரை எட்டியது. விரியும் தொடர்களைக் கையாளுவதில் ராமானுஜன் குழியில் விழுந்துவிட்டார் என்று பதில் வந்தது. 1, 2, 3 என்று முடிவில்லாமல் கூட்டினால் விடை ஒரு குறை எண் என்று எழுதியவரை வேறு எப்படி எடுத்துக்கொள்வது? கேம்பிரிட்ஜில் பேக்கர், ஹாப்சன் இருவருக்கும் எழுதியதில் பலன் இல்லை. மூன்றாவதாக, 1913 ஜனவரி 16 தேதியிட்ட கடிதம் ஜி.எச். ஹார்டிக்குப் போனது. ஆண்டுக்கு 20 பவுண்டு சம்பளத்தில் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருக்கிறேன், வயது சுமார் 23 என்று தொடங்குகிறது அது. உண்மையில் வயது 25. கடிதத்தின் கனம் முன்னுரையில் இல்லை, அதற்குப் பின்னால் பக்கம் பக்கமாக வந்த தேற்றங்களில் இருந்தது. சிலவற்றை ஹார்டி முன்பே அறிவார், சிலவற்றை முயன்று நிறுவ முடிந்தது. வேறு சில அவர் அதுவரை எங்கும் பார்த்திராதவை. அந்தக் கலவைதான் அவரை நம்பவைத்தது.

பணம் அதன் பிறகே நகர்ந்தது. வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் சென்னை வந்தபோது நோட்டுகளைப் பார்த்துவிட்டுப் பரிந்துரைத்தார். பட்டதாரிகளுக்கே உரிய ஆராய்ச்சி உதவித்தொகையை, விதியைத் தளர்த்தி, சென்னைப் பல்கலைக்கழகம் வழங்கியது. மாதம் 75 ரூபாய், அன்றைய மாற்று விகிதத்தில் ஆண்டுக்கு 60 பவுண்டு. 1914இல் கப்பலேறியபோது அது 250 பவுண்டு ஆயிற்று.

இந்தக் கணக்கில் ஏமாறவும் இடமுண்டு. இதே தகுதியோடு இதே கதவைத் தட்டித் திரும்பியவர்கள் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. ராமசுவாமி ஐயர், நாராயண ஐயர், ராமச்சந்திர ராவ் எல்லோரும் ஒரே கழகத்தின் ஆட்கள், பெரும்பாலும் ஒரே சமூகத்தவர். அந்த வட்டத்துக்கு வெளியே பிறந்தவருக்குத் திருக்கோவிலூர் வாசலே அவ்வளவு சுலபமாகத் திறந்திருக்குமா என்பது நியாயமான கேள்வி. திறமைக்கு நிகரான பங்கு அந்தக் கழகத்துக்கும் உண்டு.

ஊர் திரும்பும் முன், 1919 ஜனவரியில், ராமானுஜன் பல்கலைக்கழகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். ஐந்தாண்டுகளுக்கு ஆண்டுதோறும் 250 பவுண்டு தருவதாக அவர்கள் அறிவித்திருந்தார்கள். இது தன் தேவைக்கு மேல் என்றும், பெற்றோருக்கு ஆண்டுக்கு 50 பவுண்டு கொடுத்து, தன் அவசியச் செலவும் போக எஞ்சுவதை ஏழைப் பிள்ளைகளின், அநாதைகளின் பள்ளிக் கட்டணத்துக்குச் செலவிட வேண்டும் என்றும் அதில் கேட்டிருந்தார். அடுத்த ஆண்டு ஏப்ரலில், 32 வயதில், அவர் இறந்தார்.