சனிக்கிழமை யோகாவுக்கு மூன்று பேர்தான் வந்தார்களா? சின்ன ஆபீஸில் எது எடுபடும்?

பெங்களூரு எச்.எஸ்.ஆர். லேஅவுட்டில் ஒரு மாடியில் இயங்கும் இணையதள வடிவமைப்பு நிறுவனம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 16 பேர். தனி ஹெச்.ஆர். கிடையாது. 'ஸ்டாஃப் வெல்பீயிங்குக்கு ஏதாவது பண்ணுங்க, மாசம் நாலாயிரம் வரைக்கும் செலவு பண்ணலாம்' என்று முதலாளி சொல்ல, பொறுப்பு டீம் மேனேஜர் தலையில் விழுகிறது. அவர் சனிக்கிழமை காலை 9 மணிக்கு யோகா ஏற்பாடு செய்கிறார். முதல் வாரம் ஏழு பேர், மூன்றாவது வாரம் மூன்று பேர். அதில் ஒருவர் மேனேஜர்.

'நம்ம பசங்களுக்கு அக்கறை இல்ல' என்று இதை முடித்துவிடலாம். ஆனால், லீவு நாளில் மாரத்தஹள்ளியிலிருந்து டிராஃபிக்கில் வந்து மூச்சுப் பயிற்சி செய்வது ஓய்வு அல்ல, இன்னொரு வேலை. ஊழியரின் சொந்த நேரத்தைக் கேட்கும் எந்தத் திட்டமும் இப்படித்தான் முடியும்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் வில்லியம் ஃபிளெமிங், பிரிட்டனில் 46,000-க்கும் அதிகமான ஊழியர்களிடம் எடுக்கப்பட்ட தரவுகளை ஆராய்ந்து 2024-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். தியான ஆப், மன அழுத்தப் பயிற்சி போன்றவற்றில் சேர்ந்தவர்களின் மனநலம், சேராதவர்களைவிட மேலாக இல்லை என்பதே அதன் சாரம். அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகம் தன் ஊழியர்களிடம் நடத்திய சோதனையில் இன்னொன்று தெரியவந்தது. இப்படிப்பட்ட திட்டங்களில் சேர முன்வருபவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே ஆரோக்கியமாக இருப்பவர்கள். அதாவது, அந்த சனிக்கிழமை வந்தவர்கள் வீட்டிலேயே யோகா செய்யக்கூடியவர்கள்.

இவை இந்தியாவில் நடந்த ஆய்வுகள் அல்ல, 16 பேர் ஆபீஸைப் பற்றியவையும் அல்ல. இருந்தாலும் ஒரு திசை கிடைக்கிறது: ஊழியரை மாற்றப் பார்ப்பதைவிட, அவர் உட்கார்ந்திருக்கும் நாளை மாற்றிப் பார்க்கலாம்.

முதலில் எதைக் கேட்பது?

'உங்களுக்கு யோகா வேண்டுமா, ஜும்பா வேண்டுமா?' என்று கேட்டால் ஏதோ ஒன்றை டிக் செய்துவிட்டுப் போய்விடுவார்கள். 'ஆபீஸில் உங்கள் வாரத்தைக் கஷ்டமாக்குவது எது?' என்று கேளுங்கள். ஏழெட்டு விடைகளைக் கொடுத்து, இரண்டைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் போதும்.

சின்ன ஆபீஸில் ஒரு சிக்கல் உண்டு. சீட்டில் எழுதச் சொன்னால் கையெழுத்தை வைத்தே ஆளைச் சொல்லிவிடலாம். எனவே கூகுள் ஃபார்ம் நல்லது. ஆனால் மின்னஞ்சல் முகவரியைச் சேகரிக்கும் அமைப்பை அணைத்துவிட்டு அனுப்ப வேண்டும். எந்த டீம், என்ன வயது, ஆணா பெண்ணா என்றெல்லாம் கேட்கக் கூடாது. டிசைன் டீமில் இருப்பதே இரண்டு பெண்கள் என்றால், அந்தக் கேள்விக்குப் பிறகு ரகசியம் எங்கே?

நம் உதாரண ஆபீஸில் 13 பேர் பதில் சொல்கிறார்கள். ஒன்பது பேர் மதியச் சாப்பாடு நேரத்துக்கு நடப்பதில்லை என்கிறார்கள். ஏழு பேருக்குக் கழுத்து வலி. ஐந்து பேருக்கு இரவு எட்டு மணிக்கு மேல் வரும் வாட்ஸ்அப் மெசேஜ். யோகா வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

செலவே இல்லாத ஒரு மணி நேரம்

சாப்பாட்டுப் பிரச்சினைக்குப் பணம் தேவையில்லை. எல்லோருடைய காலண்டரிலும் மதியம் 1 முதல் 2 வரை அடைத்து வைத்தால் போதும். அந்த நேரத்தில் உள் மீட்டிங் எதுவும் கிடையாது. கிளையன்ட் அழைத்தால் தவிர்க்க முடியாதுதான். அப்படி மாட்டிக்கொண்டவருக்கு, அழைப்பு முடிந்ததும் முழு ஒரு மணி நேரம் விட வேண்டும்.

இந்த ஏற்பாட்டை உடைப்பது பெரும்பாலும் மேனேஜர்தான். 'ஒரு சின்ன டவுட்' என்று 1.20-க்குத் தோளைத் தட்டினால் அன்றோடு கதை முடிந்தது. அவரும் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு எழுந்து போக வேண்டும். இது வேலை செய்கிறதா என்று தெரிந்துகொள்ள, அந்த ஒரு மணி நேரத்தில் எத்தனை உள் மீட்டிங் போடப்பட்டது என்று வாரக் கடைசியில் எண்ணிப் பாருங்கள். நான்காவது வாரத்தில் அந்த எண் மறுபடி ஏறுவது வழக்கம். அப்போது ஒருமுறை நினைவூட்ட வேண்டியிருக்கும்.

கழுத்து வலிக்கு என்ன செய்யலாம்?

லேப்டாப்பில் திரையும் கீபோர்டும் ஒட்டியே இருக்கின்றன. கைக்கு வசதியாக வைத்தால் தலை குனிகிறது. கண்ணுக்கு வசதியாக உயர்த்தினால் தோள் தூக்கிக்கொள்கிறது. இரண்டையும் பிரிப்பதுதான் வழி. சுமார் 500 ரூபாய்க்கு ஒரு ஸ்டாண்ட், 800 ரூபாய்க்குத் தனி கீபோர்டும் மவுஸும் என்றால் ஒரு செட் 1,300 ரூபாய். முதல் மாதப் பணத்தில் மூன்று செட் வாங்கலாம். திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு வர வேண்டும், முழங்கை ஏறக்குறைய செங்கோணத்தில் மடங்க வேண்டும், பாதம் தரையில் பதிய வேண்டும். பாதம் எட்டாதவருக்குப் பழைய ஏ4 பேப்பர் கட்டு ஒன்று போதும்.

மூன்று செட்டை ஏழு பேருக்கு எப்படிக் கொடுப்பது? சீனியர் ஜூனியர் பார்க்காமல், நாள் முழுக்கத் திரை முன் இருப்பவர்களுக்கு முதலில். மற்றவர்களுக்கு மாதம் ஒன்றாக வரும் என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் அதுவே புதுப் பஞ்சாயத்து ஆகிவிடும். ஸ்டாண்ட் வைத்தும் சில வாரங்களில் குறையாத வலி, கை மரத்துப்போதல் இருந்தால் அது டாக்டர் பார்க்க வேண்டிய விஷயம்.

எல்லோரும் வருவது எதற்கு?

தின்பதற்குத்தான், வேறென்ன! இரண்டாவது மாதத்திலிருந்து செவ்வாய், வியாழன் மாலை 4.30-க்குச் சுண்டல், அவித்த வேர்க்கடலை, வாழைப்பழம். ஆளுக்கு 15 ரூபாய் என்றால் ஒரு நாளைக்கு 240, மாதத்துக்கு ஏறக்குறைய 2,000 ரூபாய். மிச்சத்தில் ஒரு லேப்டாப் செட் வாங்கினாலும் நாலாயிரத்தைத் தாண்டாது. பெயர் பதிய வேண்டாம், உடை மாற்ற வேண்டாம், எழுந்து பேன்ட்ரிக்குப் போனால் போதும். பேசாமல் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் அங்கே பத்து நிமிடம் நின்று பேசுவார்கள். தட்டை டெஸ்குக்கே கொண்டுபோய்க் கொடுக்க ஆரம்பித்தால் அது வெறும் ஸ்நாக்ஸ் ஆகிவிடும். வேர்க்கடலை ஒவ்வாதவர்கள் இருக்கிறார்களா என்று முன்பே விசாரித்துவிடுங்கள். 'இதைச் சாப்பிட்டா வெயிட் குறையும்' என்ற பேச்சு மட்டும் வேண்டாம்.

யார் அதிகம் நடந்தார்கள் என்று பட்டியல் போடும் ஸ்டெப் சேலஞ்சைத் தவிர்க்கலாம். எப்போதும் அதே இரண்டு பேர் ஜெயிப்பார்கள். முட்டிவலிக்காரரும் கர்ப்பிணியும் ஏன் நடக்கவில்லை என்று விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும்.

மனம் சரியில்லை என்றால்?

மேனேஜர் கவுன்சிலர் அல்ல, ஆகவும் முயல வேண்டாம். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் 24 மணி நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். அந்த எண்ணை நோட்டீஸ் போர்டில் ஒட்டினால், நின்று குறித்துக்கொள்ள யாருக்கும் கூச்சமாக இருக்கும். கழிவறைக் கதவின் உட்புறம் ஒட்டுங்கள்.

இரவு மெசேஜ் விஷயம் பாக்கி இருக்கிறது. மறுநாள் காலை பார்த்தால் போதும் என்றால், மறுநாள் காலையே போகும்படி மின்னஞ்சலில் நேரம் குறித்து வைத்துவிடலாம். நிஜமான அவசரம் என்றால் போன் செய்யலாம். மெசேஜ் வந்தால் அவசரமில்லை என்பது அப்போதுதான் எல்லோருக்கும் பழகும்.

எட்டு வாரம் கழித்து அதே ஃபார்மை அதே கேள்வியோடு அனுப்புங்கள். சாப்பாட்டைச் சொன்ன ஒன்பது பேர் நான்காகக் குறைந்திருந்தால் அந்த ஏற்பாடு ஓடுகிறது. ஆனால் 'வேலை அதிகம்' என்ற விடை முதலிடத்துக்கு வந்திருந்தால், வேலையை விட்டுப் போன இரண்டு பேரின் பொறுப்பும் மீதிப் பேர் தலையில் இருக்கிறதா என்று பாருங்கள். அப்படியென்றால் மேனேஜர் முதலாளியிடம் கேட்க வேண்டியது அந்த நாலாயிரத்தைக் கூட்டச் சொல்லி அல்ல, ஆள் எடுக்கச் சொல்லி.