ஒரே இன்சுலின், மூன்று வலிமை: மருந்து மாறும்போது அளவு தவறாதிருக்க

திருத்தணியில் வாழ்வோர்க்கு மருந்து வாங்கும் இடம் ஒன்றல்ல. மாதச் சீட்டுக்கு அரசு மருத்துவமனைக்குச் செல்பவர், அவசரத்திற்குக் கடைவீதி மருந்துக்கடையில் வாங்குவார். நகரியிலோ திருப்பதியிலோ வேலை பார்க்கும் மகன் வரும்போது அங்கிருந்து ஒரு பெட்டி கொண்டுவருவார். மாத்திரையானால் இதனால் பெரிய இடர் நேர்வதில்லை. 500 மில்லிகிராம் என்று அட்டையில் அச்சிட்டிருந்தால் எந்த ஊரிலும் அது 500 மில்லிகிராம்தான். இன்சுலின் அப்படியன்று. பெட்டியின் மேல் மருந்தின் பெயர் ஒன்றாகவே இருக்க, உள்ளே உள்ள திரவத்தின் செறிவு இரண்டரை மடங்கோ அதற்கும் மேலோ வேறுபடக்கூடும்.

நம் நாட்டில் இன்சுலின் இரண்டு வலிமைகளில் பரவலாகப் புழங்குகிறது. ரப்பர் மூடியிட்ட கண்ணாடிக் குப்பிகள் பெரும்பாலும் 40 வலிமை கொண்டவை. அதாவது ஒரு மில்லிலிட்டரில் 40 யூனிட் மருந்து இருக்கும். பேனாக்களும் பேனாவினுள் பொருத்தும் கார்ட்ரிட்ஜ்களும் 100 வலிமை கொண்டவை. பிரிட்டன் 1983ஆம் ஆண்டிலேயே பழைய வலிமைகளைக் கைவிட்டு 100க்கு மாறிவிட்டது. இந்தியாவில் இரண்டும் அருகருகே தொடர்கின்றன. எனவே சிரிஞ்சும் இரு வகையாக விற்கப்படுகிறது: சிவப்பு மூடி 40க்கு, ஆரஞ்சு மூடி 100க்கு. மாலை விளக்கொளியில் இவ்விரு நிறங்களையும் பிரித்தறிவது முதியோர்க்கு எளிதன்று. ஆகையால் மூடியை மட்டும் நம்பாமல் சிரிஞ்சின் உடலைப் பாருங்கள். ஒரு மில்லிலிட்டர் சிரிஞ்சில் கோடுகள் 40இல் முடிந்தால் அது 40 வலிமைக் குப்பிக்கு உரியது. 100இல் முடிந்தால் 100 வலிமைக்கு உரியது. குப்பியில் உள்ள எண்ணும் சிரிஞ்சின் கடைசி எண்ணும் ஒத்திருக்க வேண்டும் என்பதே எளிய விதி.

இது தவறினால் என்ன நேரும் என்பதைக் கற்பனையான ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகிறோம். மலைப்படி அடிவாரத்தில் பூ விற்கும் ஓர் அம்மையார் எனக் கொள்வோம். 30/70 கலவை இன்சுலினைக் காலை 20 யூனிட், இரவு 12 யூனிட் என 40 வலிமைக் குப்பியிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சால் பல ஆண்டுகளாகப் போட்டுவருகிறார். குப்பி தீர்ந்த வாரத்தில் மகன் அதே 30/70 கலவையின் கார்ட்ரிட்ஜ் பெட்டியைக் கொண்டுவருகிறார். பெயர் அதே, கலவை விகிதமும் அதே. ஆனால் அதைப் பொருத்தும் பேனா வீட்டில் இல்லை. கார்ட்ரிட்ஜின் முனையிலும் குப்பியைப் போலவே ரப்பர் இருப்பதால், அதில் சிரிஞ்சைக் குத்தி வழக்கம்போல் 20ஆம் கோடு வரை இழுக்கிறார்.

அந்தக் கோடு குறிப்பது அரை மில்லிலிட்டர். 40 வலிமை மருந்தானால் அரை மில்லிலிட்டரில் 20 யூனிட் இருந்திருக்கும். கார்ட்ரிட்ஜில் இருப்பதோ 100 வலிமை. எனவே உடலுள் சென்றது 50 யூனிட். கையிலும் கண்ணிலும் எதுவும் மாறவில்லை: அதே சிரிஞ்ச், அதே கோடு, அதே அளவு திரவம். முற்பகலில் கை நடுக்கம், குளிர் வியர்வை, பேச்சுக் குழறல் வருகின்றன. வெயிலில் நின்றதாலோ படியேறியதாலோ வந்த களைப்பு என்று அக்கம்பக்கத்தார் எண்ணினால் நேரம் வீணாகும். இரவிலும் அவர் அவ்வாறே 12ஆம் கோடு வரை இழுத்திருந்தால் 30 யூனிட் சென்றிருக்கும். அதன் விளைவு உறக்கத்தில் வரும். அதுவே கூடுதல் ஆபத்து.

இதற்கு நேர்மாறான பிழை ஓசையின்றி நடக்கிறது. 40 வலிமைக் குப்பியிலிருந்து ஆரஞ்சு மூடி சிரிஞ்சால் 20ஆம் கோடு வரை இழுத்தால் வருவது 0.2 மில்லிலிட்டர், அதாவது 8 யூனிட் மட்டுமே. மயக்கம் வராது, சர்க்கரை மட்டும் இறங்காது. மருத்துவர் அளவைப் படிப்படியாக உயர்த்தி 40 என்று எழுதுகிறார் என வைத்துக்கொள்வோம். அப்போதும் உடலில் செல்வது 16 யூனிட்தான். பின்னொரு நாள் இவர் பேனாவுக்கு மாறி, சீட்டில் உள்ளபடி 40 என்று திருப்பினால், முதன்முறையாக உண்மையான 40 யூனிட் உள்ளே செல்கிறது. ஒரே நாளில் இரண்டரை மடங்கு! மாற்றத்திற்குப் பிறகு ஏற்படும் தாழ்சர்க்கரைக்குப் புதிய பேனாவின் மீது பழி விழும்; காரணம் பழைய சிரிஞ்சு. இதனால்தான், ஒருவரைக் குப்பியிலிருந்து பேனாவுக்கு மாற்றுமுன், வீட்டில் பயன்படுத்தும் குப்பியையும் சிரிஞ்சையும் கையோடு கொண்டுவருமாறு நாங்கள் கேட்கிறோம். மருந்துச் சீட்டைவிட அவ்விரு பொருள்களும் அதிக உண்மை சொல்லும்.

பேனாவில் கணக்கு வேண்டியதில்லை. பேனாவின் சாளரத்தில் தெரியும் எண் யூனிட்தான். செறிவுக்கேற்ப எவ்வளவு திரவம் தள்ள வேண்டும் என்பதைப் பேனாவே பார்த்துக்கொள்கிறது. 300 வலிமை கொண்ட கிளார்ஜின் பேனாவுக்கும் இது பொருந்தும். இம்மருந்து 'டூஜியோ' என்ற பெயரில் விற்பனையாகிறது. 1.5 மில்லிலிட்டர் கொண்ட அதன் பேனாவில் 450 யூனிட் உண்டு. வழக்கமான 100 வலிமை கிளார்ஜின் பேனாவில் 24 யூனிட் என்பது 0.24 மில்லிலிட்டர், 300 வலிமையில் அதே 24 யூனிட் 0.08 மில்லிலிட்டர்தான். மூன்று மடங்கு செறிவு என்று கேள்விப்பட்டவர் 24ஐ மூன்றால் வகுத்து 8 என்று திருப்பிவிடக்கூடும், அது தவறு. ஊசி குத்தியபின் மருந்து மிகக் குறைவாகச் சென்றதுபோல் தோன்றினாலும் மீண்டும் ஒருமுறை போடக்கூடாது. பேனாவிலிருந்தோ கார்ட்ரிட்ஜிலிருந்தோ சிரிஞ்சால் மருந்தை உறிஞ்சுவது எந்நிலையிலும் கூடாது. 300 வலிமையைச் சிவப்பு மூடி சிரிஞ்சின் 20ஆம் கோடு வரை இழுத்தால் அது 150 யூனிட்!

100 வலிமை கிளார்ஜினிலிருந்து 300க்கு மாறும்போது, அதே யூனிட் எண்ணிக்கையில்தான் தொடங்குவர். ஆனால் 300 மெதுவாகவே நிலைகொள்கிறது. அதன் முழுப் பயன் தெரியக் குறைந்தது ஐந்து நாள்களாகும். இரண்டாம் நாள் காலையில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 220 என்று கண்டு அஞ்சி, தாமாகவே அளவைக் கூட்டுவோர் ஆறாம் நாளில் தாழ்சர்க்கரையில் அகப்படுவர். திரும்பும் வழி வேறு. 300இலிருந்து 100க்கு மாறும்போது அளவை ஐந்தில் ஒரு பங்கு குறைப்பது முறை: 30 யூனிட் போட்டவர் 24இல் தொடங்குவார். கடையில் 300 இல்லை என்று 100 பேனாவைக் கொடுத்து, 'இதுவும் கிளார்ஜின்தான்' என்று சொன்னால், அச்சொல் பொய்யன்று. ஆயினும் அளவு மாற வேண்டும் என்ற பாதியை அது விட்டுவிடுகிறது. அக்குறைப்பை எழுத வேண்டியவர் மருத்துவர். சீட்டில் மருந்தின் பெயருக்கு அருகே வலிமையும் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, இல்லையெனில் எழுதித் தருமாறு தயங்காமல் கேளுங்கள்.

இனி நிறுவனம் மாறுவதைப் பற்றி. பயோசிமிலர் எனப்படுவது, முதல் நிறுவனம் உருவாக்கிய உயிரி மருந்தை ஒத்ததாக வேறொரு நிறுவனம் தயாரித்து, ஒப்பீட்டுச் சோதனைகளால் நிறுவிய மருந்து. விலை குறைவு என்பதால் தரமும் குறைவு என்று கருதுவோர் உளர். பெங்களூரு பயோகான் நிறுவனத்தின் கிளார்ஜினை, மூல மருந்துக்கு மாற்றாக வழங்கத்தக்கது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2021 ஜூலையில் ஏற்றது. இன்சுலின் ஒன்றுக்கு அத்தகைய ஒப்புதல் கிடைத்தது அதுவே முதன்முறை. வலிமை 100ஆகவே இருக்கும்வரை கிளார்ஜினுக்கு மாற்றாகக் கிளார்ஜின் பயோசிமிலரை அதே யூனிட்டில் தொடங்கலாம். மருத்துவருக்குத் தெரிவித்துவிட்டு, முதல் ஒரு வாரம் சர்க்கரையைக் கூடுதலாகச் சோதித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் அனுபவத்தில் சிக்கல் மருந்தில் எழுவதைவிடப் பேனாவில்தான் அதிகம் எழுகிறது. ஒரு நிறுவனத்தின் கார்ட்ரிட்ஜ் மற்றொரு நிறுவனத்தின் மறுபயன்பாட்டுப் பேனாவில் சரியாகப் பொருந்தாது. பொருந்தியதுபோல் தெரிந்தாலும் அளவு பிசகும். ஆகவே மருந்தின் நிறுவனம் மாறினால் பேனாவும் மாற வேண்டும். பூவிற்கும் அம்மையாரின் கதையில் இடர் தொடங்கிய இடமும் இதுவே. போடுவதற்கு முன் காற்றை நீக்கச் செலுத்திப்பார்க்கும் அளவும் பேனாவுக்குப் பேனா வேறுபடும்: பலவற்றில் 2 யூனிட், டூஜியோவில் 3 யூனிட்.

கலவை இன்சுலின்களில் பெயரும் எண்ணும் ஏமாற்றக்கூடும். 30/70 மனித இன்சுலினை உணவுக்கு ஏறத்தாழ அரைமணி முன்னர் போட வேண்டும். 30 என்றே முடியும் நவீன கலவையை உணவு முன்னால் வந்தபின் போட வேண்டும். பின்னதைப் போட்டுவிட்டு, பழக்கத்தால் அரைமணி காத்திருந்தால், இட்லி வேகுமுன் சர்க்கரை இறங்கிவிடும்.

தவறான அளவு போய்விட்டது என்று தெரிந்தால், அறிகுறி வரட்டும் என்று காத்திருக்க வேண்டா. சர்க்கரையைச் சோதியுங்கள். 70க்குக் கீழ் இருந்தாலோ நடுக்கமும் வியர்வையும் இருந்தாலோ மூன்று தேக்கரண்டி குளுக்கோஸ் அல்லது சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதியுங்கள். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, 108ஐ அழையுங்கள். சர்க்கரை 110 என்று காட்டினாலும் மருத்துவமனைக்கு வந்துவிடுங்கள். கலவை இன்சுலின் பல மணிநேரம் வேலை செய்வதால், ஒருமுறை ஏறிய சர்க்கரை மீண்டும் இறங்கக்கூடும். கிளார்ஜின் 300 மிகுதியாகச் சென்றிருந்தால் ஒரு நாளுக்கு மேலும் கண்காணிப்பு தேவைப்படலாம். வரும்போது போட்ட குப்பி, பேனா, சிரிஞ்ச் மூன்றையும் பையிலிட்டுக் கொண்டுவாருங்கள். எத்தனை யூனிட் சென்றது என்பதை அவற்றைக் கொண்டே நாங்கள் கணக்கிடுவோம்.