16 கிராம் சங்கிலிக்கு 18 கிராம் விலை

இரண்டு பவுனில் ஒரு சங்கிலி. தராசில் வைத்தால் 16 கிராம். கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று 22 காரட் தங்கம் கிராம் 10,000 ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம் (சென்னையில் 2025-லேயே அந்த விலையைத் தாண்டிவிட்டது). அப்படியானால் சங்கிலி 1,60,000 ரூபாய். ஆனால் பில்லில் 1,84,629 ரூபாய் என்று வருகிறது. இடையில் ஏறிய 24,000 சொச்சத்தைக் கேட்டால், விற்பனையாளர் கால்குலேட்டரில் மளமளவென்று தட்டி, திரையை நம் பக்கம் திருப்பிக் காட்டுவார்.

இப்போது பல கடைகள் இந்தக் கணக்கைத் தாங்களே வீடியோ போட்டு விளக்குகின்றன. நல்ல பழக்கம்தான். ஆனால் நான் பார்த்தவரை அவற்றில் அன்றைய விலையும் ஹால்மார்க்கும் விரிவாக வரும், சேதாரம் ஒரே வரியில் போய்விடும். பில்லில் நாம் வெளியே போய்ச் சரிபார்க்க முடியாத எண் அது ஒன்றுதான்.

விலையைச் சரிபார்ப்பது சுலபம். சர்வதேசச் சந்தையில் தங்கத்துக்கு டாலரில் விலை, அதுவும் 31.1 கிராம் கொண்ட ஒரு ட்ராய் அவுன்ஸுக்கு. அதை ரூபாய்க்கு மாற்றி, இறக்குமதி வரியைச் சேர்த்து உள்ளூர் விலை உருவாகிறது. டாலர் ஏறினாலும் நம் ஊரில் தங்கம் ஏறும். மத்திய அரசு 2024 ஜூலையில் வரியை 15 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாகக் குறைத்தபோது ஒரே நாளில் விலை இறங்கியது. கவனிக்க வேண்டியது ஒன்றே: பலகையில் எழுதியிருப்பது 22 காரட் விலையா, 24 காரட் விலையா? 22 காரட் 10,000 என்றால் 24 காரட் ஏறத்தாழ 10,909. நகை 22 காரட் என்றால் பில்லிலும் 22 காரட் விலைதான் இருக்க வேண்டும்.

அடுத்தது தரம். சுத்தத் தங்கம் மெத்தென்றிருக்கும், நகைக்கு ஆகாது. அதனால் செம்பும் வெள்ளியும் கலக்கிறார்கள். ஆயிரத்தில் 916 பங்கு தங்கம் இருந்தால் அது 22 காரட். நகையின் உள்பக்கத்திலோ கொக்கியிலோ மூன்று குறிகள் லேசரில் பொறித்திருக்கும்: இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முக்கோண முத்திரை, 22K916 என்ற தரக்குறி, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க HUID எண். இந்த எண் இல்லாமல் ஹால்மார்க் நகை விற்கக் கூடாது என்பது 2023 ஏப்ரல் 1 முதல் சட்டம். 2 கிராமுக்குக் குறைந்த நகைகளுக்கு விலக்கு உண்டு. BIS Care செயலியில் Verify HUID பகுதியில் அந்த எண்ணைத் தட்டினால் எந்த மையத்தில் சோதித்தார்கள், என்ன தரம், என்ன வகை நகை என்பதெல்லாம் வரும். கையில் இருப்பது சங்கிலி, செயலி மோதிரம் என்று சொன்னால் அந்த எண் வேறொரு நகையிலிருந்து காப்பியடித்தது.

முத்திரைக்கு முன்னால் நடக்கும் சோதனை அழகானது. முதலில் எக்ஸ்ரே கருவியில் நகையை வைப்பார்கள். நொடிகளில் சதவீதம் வந்துவிடும். ஆனால் அந்தக் கதிர் சொல்வது மேற்பரப்பின் கதையை மட்டும். சில மைக்ரான் ஆழத்துக்குக் கீழே என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. நகையை அமிலத்தில் போட்டு வெளுக்கும்போது மேல்தோலில் உள்ள செம்பு கரைந்து, தங்கம் கூடுதலாகத் தெரியவும் வாய்ப்புண்டு. அதனால் நகைத் தொகுதியிலிருந்து மாதிரி எடுத்து நெருப்புச் சோதனை செய்கிறார்கள். ஒரு துளி உலோகத்தைச் சுரண்டி, துல்லியமாக எடைபோட்டு, வெள்ளி சேர்த்து ஈயத் தகட்டில் பொதிந்து, ஒரு சிறு கிண்ணத்தில் ஆயிரம் டிகிரி செல்சியஸுக்கு மேல் உலையில் வைப்பார்கள். ஈயம் உருகி ஆக்சைடாகி, செம்பு போன்ற மட்ட உலோகங்களையும் இழுத்துக்கொண்டு கிண்ணத்துக்குள் ஊறிவிடும். மிஞ்சுவது தங்கமும் வெள்ளியும் சேர்ந்த ஒரு மணி. அதைத் தட்டித் தகடாக்கி நைட்ரிக் அமிலத்தில் காய்ச்சினால் வெள்ளி கரைந்து தங்கம் மட்டும் நிற்கும். வெள்ளியைப் போக்கத்தான் வேண்டும் என்றால் முதலில் ஏன் சேர்த்தார்கள்? தங்கம் அதிகமாக இருக்கும் கலவைக்குள் அமிலம் நுழையாது. தங்கம் ஏறக்குறைய கால்பங்காக இறங்கினால்தான் அமிலத்துக்கு வழி கிடைக்கும். கடைசியில் மீண்டும் ஓர் எடை. முதல் எடையோடு ஒப்பிட்டால் தரம் தெரிந்துவிடும்.

இவ்வளவுக்கும் நகை ஒன்றுக்குக் கட்டணம் 45 ரூபாய், அதன்மேல் ஜிஎஸ்டி சேர்ந்து 53 ரூபாய். "ஹால்மார்க் நகை, அதான் விலை கூட" என்று யாராவது சொன்னால் இந்த 53 ரூபாயை நினைத்துக்கொள்ளுங்கள். இன்னமும் "கேடிஎம் நகை" என்று பெருமையாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அது காட்மியம் கலந்த பற்றவைப்பைத்தான் குறிக்கும், தரத்துக்கு அத்தாட்சி அல்ல. அந்தப் புகை ஆசாரியின் நுரையீரலைக் கெடுக்கும் நஞ்சு.

இனி சேதாரம். நம் சங்கிலிக்கு 12 சதவீதம் போட்டிருக்கிறார்கள்; 16 கிராமில் 1.92 கிராம். ஆகவே 17.92 கிராமுக்கு 1,79,200 ரூபாய். அதற்கு 3 சதவீத ஜிஎஸ்டி 5,376. ஹால்மார்க் 53. மொத்தம் 1,84,629.

அந்த 1.92 கிராம் தங்கம் எங்கே போனது? வீட்டிலிருந்து தங்கத்தைக் கொண்டுபோய் ஆசாரியிடம் கொடுத்து நகை செய்த காலத்தில் இந்தக் கேள்விக்குப் பதில் இருந்தது. அரத்தால் ராவும்போது பொடி உதிரும், பற்றவைக்கையில் கொஞ்சம் போகும், மெருகு போடும்போது தேயும். தங்கம் வாடிக்கையாளருடையது; குறைந்த எடைக்கு ஆசாரி கணக்குச் சொல்ல வேண்டும். அந்தக் கணக்குதான் சேதாரம். அப்போதும் ராவிய பொடியை ஆசாரி மேசைக்கு அடியில் பிடித்து மறுபடி உருக்கிக்கொள்வார். கோயம்புத்தூரில் நகைப்பட்டறைத் தெருக்களின் சாக்கடை மண்ணை அலசியே தங்கம் எடுத்துப் பிழைப்பவர்கள் உண்டு. அவ்வளவு கொஞ்சமும் வீணாகாத பொருள் அது. இன்று தங்கம் கடையுடையது, நாம் வாங்குவது செய்து முடித்த நகை, பல சங்கிலிகள் எந்திரத்தில் பின்னியவை. ஆனாலும் பில்லில் அதே பெயர் நிற்கிறது. அதற்குள் இருப்பது வேலைக்கூலி, டிசைன், கடை வாடகை, லாபம் எல்லாம்.

அதில் தப்பில்லை, கடை லாபமில்லாமல் நடக்காது. என் மனத்தாங்கல் வேறு. கூலியைத் தங்கத்தின் சதவீதமாகப் போடுவதால், தங்கம் கிராம் 5,000 விற்றபோது 9,600 ரூபாயாக இருந்த அதே சங்கிலியின் சேதாரம் இன்று 19,200 ஆகிவிடுகிறது. பின்னியது அதே எந்திரம்தான்.

இங்கேதான் விளம்பரம் விளையாடும். பக்கத்துக் கடை "சேதாரம் 8 சதவீதம் மட்டுமே" என்று பேனர் வைத்திருக்கிறது. உள்ளே போனால் செய்கூலி கிராமுக்கு 400 ரூபாய் தனி. போட்டுப் பாருங்கள்: 17.28 கிராமுக்கு 1,72,800, செய்கூலி 6,400, கூட்டினால் அதே 1,79,200. ஒரு ரூபாய்கூட வித்தியாசமில்லை.

ஆகவே சதவீதத்தைக் கேட்டு ஒப்பிட வேண்டாம். "வரிக்கு முன்னால் மொத்தம் எவ்வளவு?" என்று கேட்டு, அதை நகையின் எடையால் வகுத்தால் போதும். இரண்டு கடையிலும் கிராம் 11,200 என்று வரும். பலகை விலையைவிடக் கூடுதலாக இருக்கும் அந்த 1,200-ல்தான் பேரம் பேச இடமுண்டு. சாதாரணச் சங்கிலிக்கு அது குறைவாகவும், நகாசு வேலை செய்த ஆரத்துக்கு அதிகமாகவும் இருப்பது நியாயம். சாதாரணச் சங்கிலிக்கும் ஆரத்தின் சேதாரமே போட்டிருந்தால் குறைக்கச் சொல்லுங்கள், பெரும்பாலும் குறைப்பார்கள்.

கல் வைத்த நகையானால் வகுப்பதற்கு முன் இன்னொரு வேலை இருக்கிறது. மொத்த எடையையும் கல் போக நிகர எடையையும் பில்லில் தனித்தனியாக எழுதச் சொல்ல வேண்டும். கல்லும் அரக்கும் தங்கத்தின் விலைக்குப் போகக் கூடாது; கல்லுக்கென்று தனி விலை வரட்டும். பழைய நகையாகத் திருப்பிக் கொண்டுபோகும்போது கடைக்காரர் முதலில் கழிப்பது கல், அரக்கின் எடையைத்தான்.