எக்ஸ்ரே அறையில் ஒன்பது நாணயங்கள்

சிறிய கிளினிக்கில் எக்ஸ்ரே மெஷின் வைத்திருப்பவர்களுக்கு அதன் தரச் சோதனை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் சடங்காகவே இருக்கிறது. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் அங்கீகரித்த நிறுவனத்திலிருந்து ஆள் வருகிறார், கருவிகளை வைத்துப் பார்க்கிறார், அறிக்கை தருகிறார், அது கோப்பில் சேர்கிறது. அந்தச் சோதனை கட்டாயம். அதற்கு மாற்று கிடையாது. ஆனால் அது சொல்வது அன்றைய நிலையை மட்டுமே. அடுத்த வாரம் டியூப் கட்டிலில் இடித்துக்கொண்டாலோ, கொலிமேட்டரில் பல்பு மாற்றினாலோ அறிக்கையிலுள்ள எண்கள் பழையவையாகிவிடும். இடைப்பட்ட காலத்துக்குக் கிளினிக்கிலேயே செய்துபார்க்கக்கூடிய சோதனைகள் இரண்டு உண்டு. கதிர் சரியான இடத்தில் விழுகிறதா என்பது ஒன்று. ஒவ்வொரு முறையும் ஒரே அளவில் வருகிறதா என்பது மற்றொன்று.

முதலாவதற்கு ஒன்பது நாணயங்கள் போதும். நோயாளியின் மேல் டெக்னீஷியன் பார்க்கும் வெளிச்சக் கட்டம் எக்ஸ்ரே அல்ல. கொலிமேட்டருக்குள் இருக்கும் பல்பின் ஒளி சாய்வான கண்ணாடியில் பட்டுக் கீழே விழுகிறது. எக்ஸ்ரே அதே கண்ணாடியை ஊடுருவி நேராக வருகிறது. கண்ணாடி சற்றே அசைந்தாலும் ஒளி ஓரிடத்திலும் கதிர் வேறிடத்திலும் விழும். கண்ணால் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது.

24-க்கு 30 சென்டிமீட்டர் கேசட்டை மேசைமேல் மட்டமாக வைத்து, டியூபை அதிலிருந்து 100 சென்டிமீட்டர் உயரத்தில் நிறுத்துங்கள். வெளிச்சக் கட்டத்தை 18-க்கு 24 ஆகச் சுருக்குங்கள். கட்டத்தின் நான்கு பக்கங்களிலும், ஒவ்வொரு விளிம்பின் நடுவில், இரண்டு நாணயங்களை வையுங்கள். ஒன்று வெளிச்சத்துக்குள், மற்றொன்று வெளியே; இரண்டும் ஒன்றையொன்று தொடும் புள்ளி சரியாக ஒளியின் விளிம்பில் இருக்கவேண்டும். ஒன்பதாவது நாணயம் தலைப்பக்க மூலையை அடையாளம் காட்ட. அறையில் ஒருவரும் இல்லாமல், தடுப்புக்குப் பின்னால் நின்று, 50 கே.வி.-யில் கை எலும்புக்குக் கொடுக்கும் அளவு எக்ஸ்போஷர் கொடுங்கள். கணினி ரீடர் வைத்திருந்தால் ஒன்றைக் கவனிக்கவேண்டும்: படத்தின் ஓரங்களைத் தானாகக் கறுப்பாக்கி மறைக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். நமக்கு வேண்டியதே அந்த ஓரம்தான்.

நீளவாக்கில் கிடைத்த படம் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தலைப்பக்கத்தில் வெளியே வைத்த நாணயம் முழுசாகத் தெரிகிறது. அதையும் தாண்டிக் கதிர் போயிருக்கிறது. ஸ்கேல் வைத்தால் ஒளியின் விளிம்பிலிருந்து 2.5 சென்டிமீட்டர். கால்பக்கத்தில் உள்ளே வைத்த நாணயமே படத்தில் இல்லை. கதிர் அங்கே 2.5 சென்டிமீட்டர் குறைவாக நின்றுவிட்டது. வாரியம் 100 சென்டிமீட்டர் தூரத்துக்கு அனுமதிக்கும் விலகல் 2 சென்டிமீட்டர். ஆகவே மெஷின் தேறவில்லை. இரு முனைகளும் ஒரே திசையில் நகர்ந்திருப்பதால் கண்ணாடியின் சாய்வில்தான் முதல் சந்தேகம். இரண்டு பக்கமும் கதிர் வெளியே விரிந்திருந்தால் பல்பு தன் இடத்திலிருந்து முன்பின் நகர்ந்திருக்கலாம். புதுப் பல்பு போட்ட மறுநாள் இப்படி நேர்வது சகஜம். எதுவானாலும் திருத்துவது சர்வீஸ் இன்ஜினியரின் வேலை. கொலிமேட்டரை நீங்கள் திறக்கக்கூடாது.

2.5 சென்டிமீட்டர் அற்பமாகத் தோன்றலாம். நெஞ்சுப் படம் எடுக்கும்போது டியூப் 180 சென்டிமீட்டர் தள்ளி நிற்கிறது. அங்கே அதே விலகல் 4.5 சென்டிமீட்டராக வளர்ந்துவிடும். மேலே தேவையில்லாமல் கழுத்திலுள்ள தைராய்டு கதிரை வாங்கும். கீழே நுரையீரலின் அடிமூலை, விலா எலும்பும் உதரவிதானமும் சேரும் இடம், படத்தில் விழாமல் போகும். நிற்கும் நோயாளிக்கு நெஞ்சில் நீர் கோக்கும்போது படத்தில் முதலில் மழுங்கித் தெரிவது அந்த மூலைதான். படம் வெட்டுப்பட்டால் மறுபடி எடுக்கவேண்டும், நோயாளிக்கு இரண்டாம் முறை கதிர். அனுபவமுள்ள டெக்னீஷியன்கள் இதைச் சமாளிக்க வேறு வழி கற்றுக்கொள்கிறார்கள்: கட்டத்தை எப்போதும் முழுசாகத் திறந்துவைப்பது. பிறகு எந்தப் படமும் வெட்டுப்படாது. கோளாறும் வெளியே தெரியாது. உங்கள் கிளினிக் படங்கள் எதிலுமே கதிரின் ஓரம் தெரியவில்லை என்றால், காரணம் என்னவென்று டெக்னீஷியனிடம் குற்றம் சாட்டாமல் கேட்டுப்பாருங்கள்.

கதிர் செங்குத்தாக விழுகிறதா என்பதும் இதோடு சேர்ந்த கேள்வி. அதற்கென 15 சென்டிமீட்டர் உயர உருளை ஒன்று இருக்கிறது. அடியிலும் உச்சியிலும் ஒவ்வோர் எஃகுக் குண்டு. கதிர் நேராக இருந்தால் படத்தில் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். ஒன்றரை பாகை சாய்ந்தால் ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் விலகும். வாரியத்தின் எல்லை அதுவே.

அடுத்தது அளவு மாறாமை. இதை முறையாகச் செய்யக் கதிர்மானி வேண்டும். எதையும் மாற்றாமல் 70 கே.வி., 10 எம்.ஏ.எஸ். வைத்து ஐந்து முறை எக்ஸ்போஷர் கொடுக்கிறார்கள். 0.48, 0.50, 0.49, 0.51, 0.52 மில்லிகிரே வருகிறது என்று கொள்வோம். சராசரி 0.50. இவற்றின் திட்ட விலக்கத்தைச் சராசரியால் வகுத்தால் சுமார் 0.03. எல்லை 0.05 என்பதால் மெஷின் தேறுகிறது. இன்னொரு மெஷினில் 0.50, 0.42, 0.55, 0.47, 0.56. சராசரி அதே 0.50 தான், ஆனால் விகிதம் 0.11-ஐத் தாண்டிவிட்டது. சராசரியை மட்டும் பார்ப்பவருக்கு இரண்டு மெஷினும் ஒன்றே.

இந்தத் தள்ளாட்டத்துக்கு டியூபைக் குறைசொல்லும்முன் மின்சாரத்தைப் பார்க்கவேண்டும். சிறிய பழைய மெஷின்கள் பலவற்றில், வரும் வோல்டேஜ் இறங்கினால் கே.வி.-யும் சேர்ந்து இறங்கும், கே.வி. சிறிது இறங்கினாலே கதிரின் அளவு அதைவிட அதிகமாகக் குறையும். லிஃப்டும் ஏ.சி.யும் அதே லைனில் இருந்தால் அவை ஓடத் தொடங்கும் நொடியில் எடுத்த படம் வெளிறும். சோதனையை அவற்றை நிறுத்திவிட்டு ஒருமுறையும், ஓடவிட்டு ஒருமுறையும் செய்தால் இது பிடிபடும். லைன் காரணமில்லை என்றால்தான் ஃபிலமெண்ட், ரிலே, உயர் அழுத்த கேபிள் என்று உள்ளே போகவேண்டும்.

ஃபிலிம் காலத்தில் அளவு கூடினால் படம் கறுக்கும், குறைந்தால் வெளுக்கும், அன்றே தெரிந்துவிடும். இப்போது ரீடரின் மென்பொருள் எல்லாப் படத்தையும் ஒரே வெளிச்சத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறது. இருமடங்கு கதிர் போயிருந்தாலும் படம் அழகாகவே இருக்கும். ஆகவே பார்க்கவேண்டியது படத்தை அல்ல, ரீடர் ஒவ்வொரு படத்தோடும் காட்டும் எக்ஸ்போஷர் எண்ணை. மாதம் ஒருமுறை, பிளாஸ்டிக் டப்பாவில் அதே உயரத் தண்ணீர், அதே கேசட், அதே தூரம், அதே செட்டிங் வைத்து ஒரு படம் எடுத்து அந்த எண்ணைக் குறித்துவாருங்கள். எக்ஸ்போஷர் கொடுத்ததற்கும் கேசட்டை ரீடரில் போடுவதற்கும் இடையிலுள்ள நேரமும் மாறக்கூடாது. தகட்டில் பதிந்தது நேரமாக ஆகத் தேயும். சில நிறுவனங்களின் ரீடரில் கதிர் கூடினால் எண் கூடும், சிலவற்றில் குறையும். உங்களுடையது எந்த வகை என்பதை அந்த நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதிவையுங்கள்.

அடுத்த முறை சோதனைக்கு வருபவரிடம் இந்த நோட்டைக் காட்டுங்கள். அறிக்கையில் ‘தேர்ச்சி’ என்ற சொல்லோடு நிற்காமல் ஐந்து அளவீடுகளையும், நான்கு விளிம்புகளின் விலகலையும் மில்லிமீட்டரில் எழுதித் தரச் சொல்லுங்கள். விலகல் 4 மில்லிமீட்டராக இருந்தது 17 ஆகியிருந்தால் இரண்டு அறிக்கையிலும் தேர்ச்சி என்றே இருக்கும்; ஆனால் கொலிமேட்டரை இறுக்கச் சொல்லவேண்டிய நேரம் அதுதான்.