கணக்குப் பாடவேளையும் காலை வயிற்று வலியும்

ஆக்கநிலையிறுத்தம் என்பது அனுபவத்தால் நடத்தை மாறும் கற்றல் முறை. உளவியல் வகுப்பின் ஸ்லைடுகளில் அதன் இரு வகைகளும் அடுத்தடுத்த கட்டங்களில் நிற்கும். ஒன்றில் ரஷ்ய உடலியலாளர் பாவ்லோவின் நாய், மற்றதில் அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னரின் எலி. உணவுக்கு முன் மெட்ரோனோம் ஒலியைத் திரும்பத் திரும்பக் கேட்ட நாய்க்கு, பிறகு ஒலி கேட்டாலே எச்சில் ஊறியது. இது பழைய ஆக்கநிலையிறுத்தம். நெம்புகோலை அழுத்தி உணவு கிடைத்த எலி அதை மேலும் மேலும் அழுத்தியது. இது செயல்படு ஆக்கநிலையிறுத்தம். முதலாவதில் துலங்கல் தானாக எழுகிறது. இரண்டாவதில் செயலின் விளைவு அச்செயலை வளர்க்கிறது அல்லது குறைக்கிறது.

கட்டங்களில் பிரிந்து நிற்கும் இவ்விரண்டும் வீட்டிலும் பள்ளியிலும் கைகோத்தே வேலை செய்கின்றன. ஐந்தாம் வகுப்பு மாணவன் ஒருவனைக் கொள்வோம். கணக்கு ஆசிரியர் ஸ்கேலால் அடிக்கிறார். அடி தரும் அச்சம் யாரும் கற்றுத் தராதது. சில நாட்களில் கணக்குப் பாடவேளையின் மணி அடித்ததுமே அவன் நெஞ்சு படபடக்கிறது, வயிற்றைப் பிசைகிறது. மணிக்கு அந்தச் சக்தி அடியிலிருந்து வந்தது.

ஒரு நாள் காலை, "அம்மா, வயிறு வலிக்குது" என்கிறான். "சரிடா, இன்னைக்குப் போக வேண்டாம்" என்கிறார் அம்மா. பள்ளி வேன் தெருவைத் தாண்டியதும் வலி குறைகிறது. அவன் பொய் சொல்லியிருக்க வேண்டியதில்லை. அச்சம் உண்மையாகவே வயிற்றை வலிக்கச் செய்யும். ஆனால் வலியைச் சொன்னதும் அச்சம் நீங்கியதால், மறுவாரமும் வலி வருகிறது.

இதுதான் எதிர்மறை வலுவூட்டல். தேர்வில் பலர் இதைத் தண்டனை என்று எழுதிவிடுகிறார்கள். பிரித்தறிய ஒரே கேள்வி போதும்: நடத்தை கூடியதா, குறைந்ததா? கூடினால் வலுவூட்டல். பிடிக்காத ஒன்று விலகியதால் கூடினால் எதிர்மறை வலுவூட்டல்.

வகுப்புக்கே போகாதவனுக்கு, அடி விழாத வகுப்பைக் காணும் வாய்ப்பும் இல்லை. அதனால் அச்சம் அணையாமல் அப்படியே தங்குகிறது. இந்த இரட்டைப் பிணைப்பை 1947-இல் மௌரர் விளக்கினார்.

எனவே முதலில் அடி நிற்க வேண்டும். அது நிற்காமல் பிள்ளையைக் கட்டாயப்படுத்தி அனுப்புவது அச்சத்தையே வளர்க்கும். உடல்நோய் இல்லை என்று மருத்துவர் உறுதிசெய்த பிறகு, வீட்டில் தங்கும் சலுகையை நிறுத்தலாம். சனி, ஞாயிறுகளில் வலி வருவதில்லை என்பது நல்ல துப்பு. சலுகை நின்ற முதல் சில நாட்கள் அழுகை முன்னைவிடக் கூடக்கூடும். அப்போது பெற்றோர் இணங்கிவிட்டால், உரக்க அழுதால் பலன் உண்டு என்று பிள்ளை கற்கிறது. எப்போதாவது மட்டும் பலன் கிடைக்கும் நடத்தைதான் அணைய நெடுநாள் எடுக்கும்.

அணைந்த அச்சம் காலாண்டு விடுமுறைக்குப் பின் மணி ஓசையில் திரும்பவும் தலைகாட்டலாம். பாவ்லோவின் நாய்களிடமும் இது காணப்பட்டது. அடி இல்லாத வகுப்புகள் தொடர்ந்தால், அது பெரும்பாலும் முன்னைவிட விரைவில் தணியும்.