ஒரு கட்டத்துக்குள் மூன்று பாடம்

மேல்நிலைப் பள்ளி ஒன்றில் சிறப்பு வகுப்புக்குப் பெயர் கொடுத்த பிளஸ் டூ மாணவர்களின் பட்டியல் எக்செல் தாளில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு ஒரு வரிசை. எந்தெந்தப் பாடத்துக்கு வருகிறார்கள் என்பதை மட்டும் அலுவலக உதவியாளர் ஒரே கட்டத்தில் கமா போட்டுத் தட்டியிருக்கிறார். நாலு வரிசை பார்ப்போம்:

```
எண் | பெயர்   | கட்டணம் | பாடங்கள்
1   | கவிதா  | 300    | கணிதம், இயற்பியல்
2   | ஆனந்த்  | 200    | வணிகக் கணிதம்
3   | மீனா    | 500    | கணிதம், இயற்பியல், கணினி அறிவியல்
4   | ரஹீம்   | 300    | இயற்பியல்,கணிதம்
```

கவிதா எதற்கெல்லாம் வருகிறார் என்று கேட்டால் இந்தத் தாள் உடனே பதில் சொல்லும். தலைமையாசிரியர் அதைக் கேட்கமாட்டார். “கணிதத்துக்கு எத்தனை பேர் சார்? எந்த ரூமைக் கொடுக்கலாம்?” என்றுதான் கேட்பார். அதற்கு இந்தத் தாளிடம் நேரான பதில் இல்லை. பிவட் டேபிள் போட்டுப் பார்த்தால், ‘கணிதம், இயற்பியல்’ என்பதை ஒரு இனமாகவும் ‘இயற்பியல்,கணிதம்’ என்பதை வேறொரு இனமாகவும் எண்ணிக்கொடுக்கும். கமாவைப் பிரிப்பான் என்று நமக்குத் தெரியும். எக்செல்லுக்கு அது இன்னொரு எழுத்து, அவ்வளவுதான்.

கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் இதற்கு ஒரு குறுக்குவழி வைத்திருக்கிறார்கள்:

```
=COUNTIF(D2:D5,"*கணிதம்*")
```

இருபுறமும் நட்சத்திரக் குறி போட்டால், கட்டத்துக்குள் எங்கே ‘கணிதம்’ இருந்தாலும் கணக்கில் சேரும். விடை 4 என்று வரும். உண்மையில் கணிதத்துக்கு வருபவர்கள் 3 பேர்தான். ஆனந்தின் ‘வணிகக் கணிதம்’ உள்ளே நுழைந்துவிட்டது. ‘வேதியியல்’ என்று தேடினால் ‘உயிர்வேதியியல்’ சேர்ந்துகொள்வதும் இப்படித்தான். நாலு பேரில் கண்ணுக்குத் தெரிந்துவிடும்; நானூறு பேரில் யாருக்கும் தெரியாது.

சரியான வழி, தாளின் அமைப்பையே மாற்றுவது: ஒரு மாணவர், ஒரு பாடம், ஒரு வரிசை. மீனாவுக்கு மூன்று வரிசை, ஆனந்துக்கு ஒன்று. மொத்தம் 8 வரிசை வரவேண்டும்.

இந்த இடத்தில் பலருடைய கை தானாக Text to Columns பக்கம் போகும். அது கமாவில் வெட்டும், ஆனால் பக்கவாட்டில் வெட்டும். பாடம் 1, பாடம் 2, பாடம் 3 என்று நெடுவரிசைகள் கிளம்பும். கவிதாவின் கணிதம் முதல் நெடுவரிசையிலும் ரஹீமின் கணிதம் இரண்டாவதிலும் போய் உட்காரும். கேள்வி பழைய இடத்திலேயே நிற்கிறது.

நமக்கு வேண்டியது கீழ்நோக்கிய வெட்டு. எக்செல் 2016 முதல் உள்ளுக்குள்ளேயே வரும் பவர் குவெரி அதைச் செய்யும். பட்டியலுக்குள் ஒரு கட்டத்தைத் தொட்டுவிட்டு Data பட்டையில் From Table/Range கொடுங்கள். பவர் குவெரி தனிச் சன்னலில் திறக்கும். பாடங்கள் நெடுவரிசையைத் தேர்ந்து, Split Column, அதில் By Delimiter. Comma என்று சொன்னதும் OK அழுத்திவிடாதீர்கள். அப்படியே விட்டால் இதுவும் பக்கவாட்டில்தான் வெட்டும். கீழே Advanced options என்று மடங்கிக் கிடப்பதை விரித்தால், Split into என்பதில் Columns, Rows என இரண்டு இருக்கும். Rows-ஐத் தேர்ந்தால் 8 வரிசை வந்து நிற்கும். எண், பெயர், கட்டணம் மூன்றும் ஒவ்வொரு வரிசையிலும் தாமாகவே நிரம்பியிருக்கும்.

பிறகு இடைவெளியைக் கவனிக்கவேண்டும். கவிதாவின் கட்டத்தில் கமாவுக்குப் பின் ஓர் இடைவெளி உண்டு, ரஹீமுக்கு இல்லை. வெட்டியபின் ரஹீமின் ‘கணிதம்’ முன்னால் வெற்றிடம் இல்லாமல் இருக்கும். கவிதாவின் ‘இயற்பியல்’ முன்னால் ஒரு வெற்றிடத்தோடு இருக்கும். அறிக்கையில் இயற்பியல் இரண்டு முறை வரும். Transform பட்டையில் Format, Trim கொடுத்தால் ஓரத்து வெற்றிடங்கள் போய்விடும். ‘கணினி அறிவியல்’ என்பதன் நடுவில் இருக்கும் ஒற்றை இடைவெளிக்கு ஆபத்தில்லை. யாராவது கடைசியில் வெறும் கமாவை விட்டிருந்தால் பாடப் பெயரே இல்லாத வரிசை ஒன்று முளைத்திருக்கும். வடிகட்டியில் அதன் டிக்கை எடுத்துவிடலாம்.

கூகுள் ஷீட்டில் SPLIT வைத்துச் செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கமாவையும் இடைவெளியையும் சேர்த்து `", "` என்று கொடுத்தால் ஒரே வீச்சில் இரண்டும் போகும் என்று தோன்றும். ஆனால் SPLIT அந்த இரண்டையும் தனித்தனிப் பிரிப்பான்களாக எடுத்துக்கொள்ளும். கணினி ஒரு பாடம், அறிவியல் ஒரு பாடம் ஆகிவிடும். அதைத் தடுக்க மூன்றாவதாக FALSE என்று சேர்க்கவேண்டும்:

```
=SPLIT(D4,", ",FALSE)
```

தமிழில் தட்டும்போது வரும் ஒரு சிக்கலும் உண்டு. பொருளியலில் உள்ள ‘பொ’வின் உயிர்க்குறியை யுனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பு தனி, கால் தனி என இரண்டாகவும் எழுதலாம். பழைய எழுத்துருவிலிருந்து மாற்றி எடுத்த கோப்புகளில் இரண்டாவது வகை எட்டிப்பார்க்கும். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். பவர் குவெரி அவற்றை வேறு வேறு சொல்லாகத்தான் எடுத்துக்கொள்ளும். Trim இதைத் தீர்க்காது. சந்தேகம் வந்தால் LEN போட்டுப் பாருங்கள்: ஒன்று 9 என்று சொல்லும், மற்றது 10.

இதற்கெல்லாம் சேர்த்து ஒரு சோதனை இருக்கிறது. பள்ளியில் உள்ள பாடப் பெயர்களை மட்டும் சரியான எழுத்தில் ஒரு தனிப் பட்டியலாக வைத்துக்கொள்ளுங்கள். வெட்டிய தாளை அதனுடன் Merge Queries மூலம் இணைக்கும்போது Left Anti என்ற வகையைத் தேர்ந்தால், பட்டியலில் இடம் கிடைக்காத வரிசைகள் மட்டும் வந்து நிற்கும். ஒட்டிய வெற்றிடம், எழுத்துப்பிழை, இரண்டாக எழுதிய ‘பொ’ எல்லாம் அங்கே மாட்டிக்கொள்ளும். அந்தத் தாள் காலியாகும்வரை திருத்தவேண்டியதுதான்.

இனிதான் பணம். வெட்டுவதற்கு முன் கட்டண நெடுவரிசையைக் கூட்டினால் 1,300 ரூபாய். வெட்டியபின் அதே கூட்டல் 2,900 காட்டும். மீனாவின் 500 மூன்று வரிசையில் மூன்று முறை நிற்கிறது. கவிதாவின் 300-ம் ரஹீமின் 300-ம் இரண்டிரண்டு முறை. யாரும் தவறு செய்யவில்லை. பாடத்துக்கு ஒரு வரிசை என்று ஆனபின் அந்தத் தாளில் மாணவருக்கு உரிய தொகைக்கு இடமில்லை, அவ்வளவே. பாடவாரியாக எண்ண இந்தத் தாள், வசூலைக் கூட்ட மூலத் தாள் என்று இரண்டையும் வைத்துக்கொண்டு, வெட்டிய தாளில் எண்ணும் பாடமும் தவிர மற்ற நெடுவரிசைகளை நீக்கிவிடுவதே நல்லது. இல்லாத கட்டணத்தை யாரும் தவறாகக் கூட்டமுடியாது. எண்ணை மட்டும் கட்டாயம் விட்டுவைக்கவேண்டும். பெயரை நம்பினால் ஒரே வகுப்பில் இரண்டு கவிதா இருக்கும்போது தெரியும் சங்கதி.

ஆள் கணக்குக்கும் இதே எச்சரிக்கை. 8 வரிசை இருப்பதால் 8 பேர் என்று நாற்காலி போட்டுவிடக்கூடாது. பிவட் டேபிள் போடும்போதே Add this data to the Data Model என்பதை டிக் செய்துகொண்டால் Distinct Count கிடைக்கும். எண்ணை அதில் போட்டால் 4 என்று வரும். பாடவாரியாகப் பார்த்தால் கணிதம் 3, இயற்பியல் 3, வணிகக் கணிதம் 1, கணினி அறிவியல் 1.

மறுநாள் புதிதாக இரண்டு பேர் பெயர் கொடுத்தால், மூலத் தாளில் பழையபடி கமா போட்டே சேர்த்துக்கொள்ளலாம். Data பட்டையில் Refresh All கொடுத்தால் வெட்டுவதும் துடைப்பதும் தாமாக நடந்துவிடும். Left Anti தாளில் ஏதாவது வந்து நிற்கிறதா என்று மட்டும் ஒருமுறை பார்த்துவிட்டு, தலைமையாசிரியரிடம் எண்ணிக்கையைச் சொல்லலாம்.